பேட்ச் முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும் தேர்வுக்கூடம்: எது அழிய வேண்டும், எது தங்க வேண்டும்

கேள்வி: "எங்கள் பள்ளியில் 20 கணினிகள், எல்லாம் விண்டோஸ். பிளஸ் டூ கணினி அறிவியல் செய்முறைத் தேர்வு மூன்று பேட்ச். வெர்ச்சுவல்பாக்ஸில் லினக்ஸ், பைத்தான், மைஎஸ்க்யூஎல் போட்டுத் தரலாம் என்று இருக்கிறேன். ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். நான் ஆசிரியைதான், சிஸ்டம் அட்மின் இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?"

டீச்சர், அழிப்பது சுலபமான வேலை. இரண்டு கட்டளைகளில் முடிந்துவிடும். உங்கள் கேள்விக்கு அடியில் இருக்கும் இன்னொரு கேள்விதான் சிக்கலானது: மாணவர் எழுதிய விடை அழியாமல் எங்கே இருக்கும், அது அடுத்த பேட்ச் கண்ணில் படாமல் எப்படி வெளியே வரும்? கல்லூரி ஆய்வகம் ஒன்றைப் பன்னிரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவன் நான். இதில் நாங்கள் பட்ட அடியெல்லாம் அழிக்கத் தெரியாததால் வந்ததல்ல, அழியக்கூடாத நேரத்தில் அழிந்ததால் வந்தது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். வெர்ச்சுவல் மெஷின் என்பது வெர்ச்சுவல்பாக்ஸ் உங்கள் விண்டோஸுக்குள் ஓட்டும் இன்னொரு கணினி. அதன் ஹார்ட் டிஸ்க் என்பது உங்கள் விண்டோஸில் இருக்கும் ஒரு பெரிய கோப்பு, அவ்வளவுதான். அதன் மேல் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தால் அந்தக் கோப்பு அந்த நிலையில் உறைந்துவிடும். அதன்பிறகு மாணவர் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் தனியாக இன்னொரு கோப்பில் விழும். தேசப்படத்தின் மேல் டிரேசிங் பேப்பர் வைத்து வரைகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கும்போது இரண்டும் சேர்ந்து ஒரே படமாகத் தெரியும். பேப்பரைக் கிழித்துப் போட்டால் கீழே தேசப்படம் அப்படியே இருக்கும். பழைய நிலைக்குத் திரும்புவது என்றால் அந்த மேல்தாளைத் தூக்கிப் போடுவதுதான். 20 ஜி.பி. டிஸ்க்காக இருந்தாலும் எதையும் திரும்ப நகல் எடுப்பதில்லை என்பதால் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது.

மேல்தாளை எப்போது கிழிப்பது என்பதில்தான் இரண்டு வழி பிரிகிறது. டிஸ்க்கை Immutable என்ற வகைக்கு மாற்றிவிட்டால், மெஷினை ஒவ்வொரு முறை பவர் ஆன் செய்யும்போதும் வெர்ச்சுவல்பாக்ஸ் தானாகவே கிழித்துவிடும். யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. "தானாக" என்று தேடினால் உங்களுக்கு முதலில் கிடைக்கும் யோசனை இதுவாகத்தான் இருக்கும். நாங்களும் முதல் வருடம் இதைத்தான் போட்டோம். இரண்டாவது பேட்சில், தேர்வு தொடங்கி நாற்பது நிமிடத்தில் கரண்ட் போனது. யூ.பி.எஸ். இருந்தும் ஒரு வரிசை அணைந்துவிட்டது. திரும்ப வந்ததும் மாணவர்கள் தாங்களே மெஷினை ஆன் செய்தார்கள். ஆன் செய்த அந்த நொடியிலேயே அவர்கள் எழுதியது எல்லாம் போய்விட்டது. பவர் கட்டுக்குப் பிந்தைய ஆனுக்கும் அடுத்த பேட்சின் ஆனுக்கும் மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. இத்தனைக்கும் லினக்ஸுக்குள்ளிருந்து ரீஸ்டார்ட் கொடுத்தால் அழிவதில்லை, முழுக்க அணைந்து மீண்டும் ஆன் ஆனால்தான் அழியும். நாங்கள் சோதனை செய்தபோது ரீஸ்டார்ட் மட்டும் கொடுத்துப் பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டோம்.

அதனால் தேர்வுக்கு என் பரிந்துரை, தானாக அழியும் வழி வேண்டாம். ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு பேட்ச் முழுக்க வெளியே போனபிறகு நீங்களோ ஆய்வக உதவியாளரோ ஒரு கட்டளை கொடுத்து அழியுங்கள். தினசரி வகுப்புக்கு Immutable அருமையான ஏற்பாடு. தேர்வில் அழிக்கும் முடிவை ஒரு மனிதர்தான் எடுக்க வேண்டும்.

இனி தயாரிப்பு. முதலில் ஒரே ஒரு கணினியில் மெஷினை முழுதாகச் செய்து முடியுங்கள். அதற்கு Exam என்று பெயர் வைத்திருப்பதாகக் கொள்வோம். 4 ஜி.பி. ரேம் உள்ள பழைய கணினிகள் என்றால் உள்ளே லுபுண்டு போன்ற இலகுவான லினக்ஸைப் போட்டு 1.5 முதல் 2 ஜி.பி. வரை கொடுங்கள், அதற்கு மேல் கொடுத்தால் விண்டோஸ் திணறும். பைத்தான், ஐடில், மைஎஸ்க்யூஎல் எல்லாவற்றையும் நிறுவி, மாணவர் பயன்படுத்தப்போகும் கணக்கில் நுழைந்து ஒருமுறை இயக்கிப் பாருங்கள். உபுண்டு வகை லினக்ஸில் மைஎஸ்க்யூஎல்லின் root கணக்கு sudo இல்லாமல் திறக்காது. மாணவருக்கென்று தனிப் பயனரும் கடவுச்சொல்லும் முன்பே உண்டாக்கி வையுங்கள். தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால், ஒவ்வொரு முறை அழித்தபிறகும் அதே அப்டேட்டை முதன்முறை பார்ப்பதுபோல இறக்க ஆரம்பித்து, தேர்வின் முதல் பத்து நிமிடம் மெஷின் ஆமை வேகத்தில் போகும். கடைசியாக, வெர்ச்சுவல்பாக்ஸோடு வரும் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை மென்பொருளை லினக்ஸுக்குள் நிறுவுங்கள். விடையை வெளியே எடுக்க அதுதான் வாசல்.

விடைக்கு நான் பரிந்துரைப்பது ஷேர்டு ஃபோல்டர். விண்டோஸில் D:\vidai என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, மெஷினின் அமைப்பில் அதை vidai என்ற பெயரில் சேர்த்து Auto-mount டிக் செய்தால், லினக்ஸுக்குள் அது /media/sf_vidai என்று தெரியும். மாணவர் கணக்கு vboxsf என்ற குழுவில் இருந்தால்தான் அது திறக்கும். அந்தக் கணக்கின் பெயர் maanavar என்றால் கட்டளை இது, கொடுத்தபிறகு ஒருமுறை லாக்அவுட் செய்து வர வேண்டும்:

```
sudo usermod -aG vboxsf maanavar
```

இந்த ஃபோல்டரில் எழுதுவது மெஷினின் டிஸ்க்கில் விழாமல் நேரடியாக விண்டோஸில் விழுகிறது. மெஷினை அழித்தாலும், மெஷினே கெட்டுப்போனாலும் விடை D டிரைவில் இருக்கும். பைத்தான் நிரலை மாணவர் தன் தேர்வு எண்ணைப் பெயராக வைத்து இங்கேயே சேமிக்கச் சொல்லுங்கள். மைஎஸ்க்யூஎல் விஷயம் வேறு. அங்கே உண்டாக்கும் டேபிள்கள் லினக்ஸுக்குள் /var/lib/mysql என்ற இடத்தில் போய் உட்காரும், அது அழிகிற பக்கம். டேட்டாபேஸையே ஷேர்டு ஃபோல்டருக்கு மாற்ற நினைக்காதீர்கள், அந்த ஃபோல்டர் அதற்கு ஏற்றதல்ல, பிரச்சினை தரும். மைஎஸ்க்யூஎல்லுக்குள் நுழைந்ததும் மாணவர் முதல் வரியாக இதை அடித்தால் போதும், அதன்பிறகு அவர் அடிக்கும் கட்டளைகளும் வரும் விடைகளும் ஒரு உரைக் கோப்பில் பதிவாகிக்கொண்டே வரும்:

```
tee /media/sf_vidai/sql.txt
```

புறத்தேர்வாளர் திரையில் பார்த்து மதிப்பெண் போட்டுவிட்டாலும், பின்னால் யாராவது கேட்டால் காட்டுவதற்கு இது ஒரு சான்று.

மெஷின் ஒன்றில் தயாரானதும் File மெனுவில் Export Appliance கொடுத்து ஒரே .ova கோப்பாக்கி, மற்ற 19 கணினிகளிலும் இறக்குங்கள். இங்கே ஒரு சின்னத் தடை எல்லோருக்கும் வரும். அந்தக் கோப்பு பெரும்பாலும் 4 ஜி.பி.யைத் தாண்டிவிடும், பென் டிரைவ் FAT32 ஆக இருந்தால் இடம் காலியாக இருந்தும் "கோப்பு மிகப் பெரியது" என்று மறுக்கும். பென் டிரைவை exFAT ஆக ஃபார்மட் செய்தால் ஏறிவிடும். சில கணினிகளில் மெஷின் துவங்காமல், வெர்ச்சுவல் மெஷின் ஓட்டப் பிராசசரில் இருக்கும் VT-x என்ற வசதி முடக்கப்பட்டிருக்கிறது என்று பிழை வரும், அதை பயோஸில் இயக்க வேண்டும். துவங்கியும் மிக மெதுவாக இருந்து, ஜன்னலின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமை தெரிந்தால், விண்டோஸின் சொந்த வெர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது என்று பொருள்.

இப்போது வரிசை மிக முக்கியம். எக்ஸ்போர்ட் செய்த கோப்பில் ஸ்னாப்ஷாட் வராது, அதனால் அதை ஒவ்வொரு கணினியிலும் தனியாக எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன்பே ஷேர்டு ஃபோல்டரைச் சேர்த்துவிட வேண்டும். ஏனென்றால் ஸ்னாப்ஷாட்டில் டிஸ்க் மட்டுமல்ல, மெஷினின் அமைப்புகளும் சேர்ந்து உறைகின்றன. ஸ்னாப்ஷாட் எடுத்தபிறகு ஷேர்டு ஃபோல்டரைச் சேர்த்தால், முதல் பேட்சுக்கு எல்லாம் ஒழுங்காக நடக்கும். அழித்துவிட்டு இரண்டாம் பேட்சுக்குத் திறந்தால் /media/sf_vidai காணாமல் போயிருக்கும். முதல் பேட்ச் நன்றாக நடந்து இரண்டாம் பேட்சில் மட்டும் ஃபோல்டர் இல்லை என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம், காரணம் இந்த வரிசைதான். இதேபோல நெட்வொர்க்கைத் துண்டிப்பது, Shared Clipboard, Drag and Drop இரண்டையும் Disabled ஆக்குவது எல்லாம் ஸ்னாப்ஷாட்டுக்கு முன்பே முடிய வேண்டும். கிளிப்போர்டைச் சும்மா சொல்லவில்லை. அது திறந்திருந்தால் முதல் பேட்ச் மாணவர் காப்பி செய்த நிரல் விண்டோஸின் நினைவில் தங்கியிருக்கும், அடுத்தவர் மெஷினுக்குள் பேஸ்ட் கொடுத்தால் வந்து விழும். மெஷினை எத்தனை முறை அழித்தாலும் அது போகாது.

எல்லாம் சரியாக இருந்தால், மெஷினை முறைப்படி ஷட்டௌன் செய்து, அணைந்த நிலையில், விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் கீழே உள்ள கட்டளையைக் கொடுத்து ஸ்னாப்ஷாட் எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதும் எடுக்கலாம், திறப்பது வேகமாகக்கூட இருக்கும். ஆனால் அப்படி எடுத்தால் மெஷின் ஒவ்வொரு முறையும் பழைய நாளின் நினைவோடு எழுந்திருக்கும். அணைந்த நிலையில் எடுத்தால் ஒவ்வொரு தடவையும் விண்டோஸின் கடிகாரத்தைப் பார்த்துப் புதிதாகத் துவங்கும். (பழைய கணினிகளில் சிமாஸ் பேட்டரி போயிருந்தால் விண்டோஸின் தேதியே பல வருடம் பின்னால் இருக்கும். கோப்பின் நேரத்தைச் சான்றாக வைக்க நினைத்தால் அந்தச் சின்னப் பேட்டரியை மாற்றிவிடுங்கள்.)

```
"C:\Program Files\Oracle\VirtualBox\VBoxManage.exe" snapshot "Exam" take "suttham"
```

இனி பேட்சுகளுக்கு இடையில் ஓட்ட வேண்டிய சிறு நிரல். ஷேர்டு ஃபோல்டர் அழியாது என்பது அதன் பலம், அதுவே ஆபத்தும்கூட. முதல் பேட்சின் விடைகளை அங்கேயே விட்டுவைத்தால் இரண்டாம் பேட்ச் மாணவர் ஃபோல்டரைத் திறந்ததும் முழு விடையும் கையில். எனவே முதலில் விடையை ஒதுக்க வேண்டும், அது நடந்தது உறுதியானால் மட்டுமே மெஷினை அழிக்க வேண்டும். D டிரைவில் kappu என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கிவிட்டு, இதை adutha.bat என்று சேமியுங்கள்:

```
@echo off
set VB="C:\Program Files\Oracle\VirtualBox\VBoxManage.exe"
if "%1"=="" exit /b 1
%VB% list runningvms | find "Exam" && exit /b 1
move D:\vidai D:\kappu\%1 || exit /b 1
mkdir D:\vidai
%VB% snapshot "Exam" restore "suttham"
```

கமாண்ட் பிராம்ப்டில் அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டருக்குப் போய் adutha batch1 என்று கொடுத்தால் இது ஓடும். பேட்ச் பெயர் கொடுக்காவிட்டால் நின்றுவிடும். மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் நின்றுவிடும். விடை ஃபோல்டரை நகர்த்த முடியாவிட்டாலும் நின்றுவிடும். இந்த மூன்று தடுப்பையும் தாண்டினால்தான் கடைசி வரி மேல்தாளைக் கிழிக்கும். vidai, kappu இரண்டும் ஒரே டிரைவில் இருக்கட்டும், வேறு டிரைவுக்கு முழு ஃபோல்டரை move நகர்த்தாது. இதை எந்த விண்டோஸ் கணக்கிலிருந்து ஓட்டுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். வெர்ச்சுவல்பாக்ஸ் மெஷின்களை ஒவ்வொரு விண்டோஸ் பயனருக்கும் தனித்தனியாகப் பதிந்து வைக்கிறது. மாணவர் கணக்கில் மெஷினை இறக்கிவிட்டு அட்மின் கணக்கில் இதை ஓட்டினால், Exam என்று ஒரு மெஷினே இல்லை என்று சொல்லும்.

தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு 20 கணினியிலும் இப்படிச் சோதியுங்கள். மெஷினைத் திறந்து, டெஸ்க்டாப்பில் ஒரு வெற்றுக் கோப்பு, மைஎஸ்க்யூஎல்லில் ஒரு டேபிள், ஷேர்டு ஃபோல்டரில் ஒரு நிரல் என்று மூன்று தடயம் விடுங்கள். சற்று நேரம் கழித்து, கணினியின் பவர் ஸ்விட்சை அப்படியே அணையுங்கள். ஆமாம், மனசு கேட்காது, ஆனால் கரண்ட் போவது அப்படித்தான் இருக்கும். திரும்ப ஆன் செய்தால் வெர்ச்சுவல்பாக்ஸ் அந்த மெஷினை Aborted என்று காட்டும். பயப்பட வேண்டாம், திடீரென்று நின்றது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறது. சாதாரணமாக ஸ்டார்ட் கொடுங்கள். மூன்று தடயமும் அப்படியே இருக்க வேண்டும். பிறகு ஷட்டௌன் செய்து adutha-வை ஓட்டித் திறங்கள். டெஸ்க்டாப் கோப்பும் டேபிளும் போயிருக்க வேண்டும், /media/sf_vidai இருக்க வேண்டும், ஆனால் காலியாக இருக்க வேண்டும், நிரல் D:\kappu-வில் இருக்க வேண்டும். இந்தச் சுற்றை ஒரே கணினியில் இரண்டு முறை செய்யுங்கள். நான் சொன்ன வரிசைப் பிழை இரண்டாம் சுற்றில்தான் பல்லைக் காட்டும்.

கரண்ட் போகும் நொடியில் என்னென்ன மிஞ்சும் என்பதற்கு முழு உத்தரவாதம் தர முடியாது. மாணவர் சேமிக்காமல் ஐடிலில் வைத்திருந்த வரிகள் நிச்சயம் போகும், அது தானாகச் சேமிப்பதில்லை. அணைவதற்குச் சில நொடி முன்னால் சேமித்தது எழுதப்பட்டும் இருக்கலாம், படாமலும் இருக்கலாம். அரிதாக மேல்தாள் கோப்பே சேதமாகி மெஷின் திறக்காமல் போவதும் உண்டு. அப்போது சரிசெய்ய உட்காராதீர்கள். விடை D:\vidai-யில்தான் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு மாணவரை உபரிக் கணினிக்கு மாற்றுங்கள். 20 இருந்தால் 18 மாணவர்களை உட்கார வைத்து இரண்டைக் காலியாக விடுவது இதற்காகத்தான். C, D இரண்டு டிரைவிலும் தாராளமாக இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மேல்தாள் கோப்பு வளர இடம் இல்லாவிட்டால் மெஷின் தேர்வின் நடுவில் உறைந்து நின்றுவிடும்.

இந்த ஏற்பாடு செய்யாத காரியம் ஒன்று இருக்கிறது. இது சுத்தம் செய்யும், பூட்டுப் போடாது. மெஷின் ஜன்னலைப் பெரிதாக்கி வைத்தாலும், வலப்பக்க கன்ட்ரோல் விசை தெரிந்த மாணவர் வெளியே விண்டோஸுக்கு வந்துவிடுவார். அங்கே D:\kappu அவர் கண்ணுக்குத் தெரிந்தால் இவ்வளவு செய்ததும் வீண். அந்த ஃபோல்டரில் முந்தைய பேட்சின் விடை இருக்கும்வரை அடுத்த பேட்சை உள்ளே விடாதீர்கள். நாங்கள் செய்வது இதுதான்: adutha ஓடி முடிந்ததும் ஒருவர் பென் டிரைவோடு வரிசையாகப் போய் kappu-வில் இருப்பதை cut செய்து, கணினி எண்ணிட்ட ஃபோல்டரில் போட்டுக்கொண்டு வருவார். இருபது கணினிக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. இரண்டு பேட்சுக்கு நடுவில் அரை மணி இடைவெளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பென் டிரைவை அன்று மாலையே இன்னொரு நகல் எடுத்துத் தலைமையாசிரியர் அலமாரியில் வைத்துவிட்டால், மதிப்பெண் பதிவேற்றம் முடியும்வரை நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.